ரூபாயிலேயே போடுங்க

வெளிநாட்டுப் பயணிகள் எங்கள் வண்டியில் ஏறியதும் ஆளுக்கு ஒரு தாள் கொடுப்போம். ஏ4 அளவு, இரண்டு பக்கம். முன்பக்கத்தில் பயணத் திட்டம்: சென்னையில் கிளம்பி காஞ்சிபுரம், மாமல்லபுரம், புதுச்சேரி, தஞ்சாவூர், காரைக்குடி, மதுரை. பின்பக்கம் முழுக்கப் பண விஷயம். முன்பக்கத்தை அரை நாளில் எழுதி முடித்துவிட்டேன். பின்பக்கத்தை எட்டு வருஷமாக எழுதுகிறேன், இன்னும் முடிந்தபாடில்லை. ஒவ்வொரு குழுவும் ஊருக்குத் திரும்பும்போது அதில் ஒரு வரியைத் தப்பு என்று நிரூபித்துவிட்டுத்தான் போகிறது.

முதல் பதிப்பில் செய்த தப்பு, "1 யூரோ = 80 ரூபாய்" என்று அச்சடித்தது. பேப்பரில் பார்த்து எழுதினேன். மொத்தமாக அடித்தால் மலிவு என்று 500 பிரதி வேறு. இரண்டாவது குழுவிலேயே ஓய்வுபெற்ற ஜெர்மன் ஆசிரியர் ஒருவர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பணம் மாற்றும் கடைக்குப் போய்விட்டார். கடைக்காரர் 77 என்றிருக்கிறார். இவர் தாளைக் காட்டி, "என் டூர் கம்பெனி 80 என்று எழுதியிருக்கிறது, நீங்கள் என்னை ஏமாற்றுகிறீர்கள்" என்று சண்டை. கடைக்காரர் எனக்கு போன் போட்டு, "சார், உங்க ஆளுங்க 80க்கு வாங்குறாங்களாமே, எங்கிட்ட இருக்கிறதையும் எடுத்துக்கச் சொல்லுங்க" என்றார்.

தப்பு என்னுடையதுதான். பேப்பரிலும் போனிலும் வருகிற விகிதம் பெரிய வங்கிகள் தங்களுக்குள் கோடிக்கணக்கில் வாங்கி விற்கும் விலைக்கு நடுவிலுள்ள எண். அந்த விலைக்கு உங்களுக்கோ எனக்கோ யாரும் 200 யூரோவை மாற்றித் தரமாட்டார்கள். மொத்த விலைக்கு யாராவது கால் கிலோ கத்தரிக்காய் தருவார்களா? ஆனாலும் அந்த எண் தேவை. யார் நம்மிடம் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று அளக்க அதை விட்டால் வேறு அளவுகோல் கிடையாது. அதனால் இப்போது தாளில் அந்த இடத்தில் ஒரு காலிக் கோடு மட்டும் இருக்கிறது. வண்டி கிளம்பும் அன்று காலையில் போனில் பார்த்து, எல்லோரும் அவரவர் பேனாவால் எழுதிக்கொள்வார்கள். தங்கள் கையால் எழுதிய எண்ணுக்காக யாரும் என்னோடு சண்டைக்கு வருவதில்லை.

இனிமேல் வரும் கணக்குக்கெல்லாம் 1 யூரோ 100 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். நீங்கள் இதைப் படிக்கும் அன்று அது வேறாக இருக்கும்.

பணம் மாற்றும் கடையின் பலகையில் இரண்டு பத்தி இருக்கும்: வாங்கும் விலை, விற்கும் விலை. பயணிகளில் பாதிப் பேர் தப்பான பத்தியைப் பார்ப்பார்கள். "நான் ரூபாய் வாங்க வந்திருக்கிறேன், அதனால் வாங்கும் விலை" என்று கணக்குப் போட்டு, தற்செயலாகச் சரியான பத்திக்கு வருகிறவர்களும் உண்டு. பலகை கடைக்காரர் பார்வையில் எழுதியது. அவர் உங்கள் யூரோவை வாங்குகிறார், அவ்வளவுதான். இதைத் தாளில் நான்கு வரியில் விளக்கிப் பார்த்தேன். ஒருவருக்கும் ஏறவில்லை. இப்போது விளக்கத்தை எடுத்துவிட்டு ஒரு கேள்வியை மட்டும் அச்சடித்திருக்கிறேன். அதைக் கவுன்ட்டரில் அப்படியே கேட்டால் போதும்: "இந்த 200 யூரோவுக்கு, எல்லாம் போக, என் கையில் எத்தனை ரூபாய் வரும்?"

இந்தக் கேள்வியின் அருமை ஒரு குழுவோடு போனபோதுதான் தெரிந்தது. ஒரு கவுன்ட்டரில் "கமிஷன் இல்லை" என்று கொட்டை எழுத்தில் பலகை, விலை 96. பக்கத்துத் தெருக் கடையில் விலை 98.50, ஆனால் 100 ரூபாய் கட்டணம். கட்டணம் என்ற சொல்லைக் கேட்டதுமே எல்லோரும் முதல் கவுன்ட்டருக்கு ஓடினார்கள். கணக்கைப் பாருங்கள். முதல் கவுன்ட்டரில் 200 யூரோவுக்கு 19,200. இரண்டாவதில் 19,700, அதில் கட்டணம் போனால் 19,600. இரண்டு இடத்திலும் ஜிஎஸ்டி 45 ரூபாய் போகும். கமிஷன் வாங்காத மகராசன் 400 ரூபாய் குறைவாகக் கொடுக்கிறார். அவருடைய கமிஷன் விலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

அந்த 45 ரூபாய் என்ன என்று கேட்பார்கள். பணம் மாற்றும் சேவைக்கு வரி போட, மாற்றும் தொகையில் 1 சதவீதத்தைச் சேவையின் மதிப்பாக எடுத்துக்கொள்வார்கள். ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும் இந்தக் கணக்கு. குறைந்தபட்ச மதிப்பு 250 ரூபாய். அதில் 18 சதவீதம் 45. ஆக 25,000 ரூபாய் வரை எவ்வளவு மாற்றினாலும் அதே 45தான். தினமும் 20 யூரோ மாற்றுகிறவர் தினமும் 45 கட்டுகிறார். ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள் என்றும் ஒரு வரி உண்டு. ஊருக்குத் திரும்பும்போது மிஞ்சிய ரூபாயை யூரோவாக்க விமான நிலையத்தில் அதைத்தான் கேட்பார்கள்.

இதெல்லாம் சில்லறை நஷ்டம். பெரிய ஓட்டை கார்டில் இருக்கிறது. அது காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் எனக்குப் புரிந்தது.

பிரெஞ்சுத் தம்பதி. அந்த அம்மா அரை மணி நேரம் பார்த்து அரக்கில் ஒரு சேலை எடுத்தார், 18,000 ரூபாய். கார்டைச் செருகியதும் கல்லாவில் இருந்த பையன் மெஷினைத் திருப்பிக் காட்டினான். திரையில் இரண்டு வரி: INR 18000.00, அதற்குக் கீழே EUR 191.49. எது வேண்டும்? அந்த அம்மா யூரோவைத் தொட்டார். ஏன் என்று பிறகு கேட்டேன். "எங்கள் ஊர்ப் பணத்தில் எவ்வளவு என்று அங்கேயே தெரிந்துவிட்டது. அது பாதுகாப்பு இல்லையா?" என்றார். நியாயமாகத்தான் தோன்றுகிறது. நானும் அன்றுவரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ராத்திரி மாமல்லபுரத்து ஓட்டலில் மீனுக்குக் காத்திருந்தபோது ரசீதை எடுத்துப் பார்த்தோம். பொடி எழுத்தில் 1 INR = 0.010638 EUR என்று இருந்தது. இப்படித் தலைகீழாக அச்சடித்தால் எந்த மனுஷனுக்குப் புரியும்? போனில் 1ஐ அந்த எண்ணால் வகுத்தோம். 94 வந்தது. அதாவது உலகமெல்லாம் ஒரு யூரோவுக்கு 100 ரூபாய் இருக்க, இந்த மெஷின் 94தான் கொடுத்திருக்கிறது. அதற்குக் கீழே இன்னொரு வரி: எந்தப் பணத்தில் கட்டுவது என்று எனக்கு வாய்ப்புக் கொடுக்கப்பட்டது, நான் எடுத்த முடிவே இறுதி. அந்த அம்மா அதற்குக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

ரூபாய் என்று தொட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 18,000 ரூபாய் என்ற தொகை அப்படியே கார்டு நிறுவனத்துக்குப் போகும். விசா, மாஸ்டர்கார்டு இரண்டும் தினமும் தங்கள் விகிதத்தை வெளியிடுகின்றன. நடு விலைக்கு ஒட்டியே இருக்கும். 99.50 என்று வைத்தால் 180.90 யூரோ. அதன்மேல் அவர்கள் ஊர் வங்கி வெளிநாட்டுச் செலவுக் கட்டணம் போடும். சில கார்டுகளில் அது சுத்தமாகக் கிடையாது, பலவற்றில் 2, 3 சதவீதம் இருக்கும். 2 என்று வைத்தால் 3.62 சேர்ந்து 184.52. யூரோவைத் தொட்டதால் போனது 7 யூரோ, ஏறக்குறைய 700 ரூபாய்.

கதை அதோடு முடியவில்லை. ஊருக்குப் போன பிறகு அவர் மின்னஞ்சல் அனுப்பினார். அவருடைய வங்கி, யூரோவிலேயே கட்டியும்கூட, கடை வெளிநாட்டில் இருக்கிறது என்ற காரணத்துக்காகத் தன் 2 சதவீதத்தையும் எடுத்துக்கொண்டிருந்தது. மொத்தம் 195.32. எல்லா வங்கியும் இப்படிச் செய்வதில்லை, செய்கிற வங்கிகள் உண்டு.

இந்த ஏற்பாட்டில் கிடைக்கும் லாபம் மெஷினைக் கொடுத்த வங்கிக்கும், பணத்தை மாற்றிக் கொடுக்கும் நிறுவனத்துக்கும் போகிறது. கடைக்கும் ஒரு பங்கு கிடைப்பதுண்டு. கல்லாப் பையனுக்கு இதெல்லாம் தெரியாது. வந்தவருக்குச் சௌகரியம் செய்வதாகவே நினைக்கிறான். அவனைத் திட்டிப் புண்ணியமில்லை. ஆனால் கார்டு நிறுவனங்களின் விதிப்படி எந்தப் பணம் என்று முடிவு செய்ய வேண்டியது கார்டுக்காரர்தான். கடை தானாக அழுத்தக்கூடாது. சில இடங்களில் மெஷினைக் காட்டாமலே யூரோவை அழுத்திவிட்டு ரசீதை நீட்டுவார்கள். ரசீதில் யூரோ என்று இருந்தால் கையெழுத்துப் போடாமல், "கேன்சல் பண்ணிட்டு ரூபாயில திரும்பப் போடுங்க" என்று அங்கேயே கேட்க வேண்டும். கடையை விட்டு வந்துவிட்டால் அந்தப் பணத்தைத் திரும்பப் பெறுவது குதிரைக்கொம்பு.

அன்றிலிருந்து தாளின் பின்பக்கத்தில் நட்டநடுவில் கட்டம் கட்டி ஒரே வரி: எந்த மெஷின் எந்தக் கேள்வி கேட்டாலும், ரூபாய். அதற்கடியில் தமிழிலும் அச்சடித்திருக்கிறேன், "ரூபாயிலேயே போடுங்க" என்று. கடையில் தாளை நீட்டினால் போதும். கல்லாக்காரர் சிரித்துக்கொண்டே INR அழுத்திவிடுகிறார்.

ஏடிஎம்மிலும் இதே வலைதான், அங்கே பயம் ஒன்று கூடுதல். பணம் எவ்வளவு வேண்டும் என்று அழுத்தியதும் ஒரு மாற்று விகிதத்தைக் காட்டி, Accept Conversion என்று ஒரு பக்கமும் Decline Conversion என்று இன்னொரு பக்கமும் கேட்கும். Decline என்று அழுத்தினால் பணமே வராது, கார்டு உள்ளே போய்விடும் என்று பயந்து Accept அழுத்திவிடுவார்கள். மறுப்பது அந்த விகிதத்தை மட்டும்தான். பணம் வரும், கணக்கை அவர்கள் ஊர் வங்கி போட்டுக்கொள்ளும். "மறுத்தாலும் பணம் வரும்" என்ற வரியைத் தடித்த எழுத்தில் போட்ட பிறகுதான் நம்பினார்கள். எந்திரத்தின் கட்டணம் வேறு. சில வங்கிகள் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு தொகை எடுக்கும். அது 200 ரூபாய் என்றால், 2,000 ரூபாயை ஐந்து தடவை எடுப்பவர் 1,000 ரூபாய் கட்டுகிறார், 10,000த்தை ஒரே தடவையில் எடுப்பவர் 200 கட்டுகிறார். பல எந்திரங்களில் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒரு தடவைக்கு 10,000தான் உச்சம், அதனால் அதற்குமேல் ஆசைப்படவும் முடியாது.

யுபிஐ பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறேன். டீக்கடையிலும் க்யூஆர் அட்டை தொங்குவதைப் பார்த்து, கார்டும் எடுப்பார்கள் என்று நினைத்துவிடுகிறார்கள். எடுக்கமாட்டார்கள். வெளிநாட்டுப் பயணிகளுக்காக, பாஸ்போர்ட்டைக் காட்டிப் பணம் ஏற்றிக்கொள்ளும் யுபிஐ வசதி 2023இல் ஜி20 சமயத்தில் வந்தது. வைத்திருப்பவர்களுக்குச் சௌகரியம்தான். ஒன்பது நாள் பயணத்துக்கு எங்கள் ஆட்கள் அதற்கு மெனக்கெடுவதில்லை.

ரொக்கம் என்று வந்தால் முதல் சிக்கல் எழுதும் முறை. 1,50,000 என்று எழுதினால் அவர்கள் கண்ணுக்குக் காற்புள்ளி இடம் மாறிக் கிடக்கிறது. அச்சுப்பிழை என்று நினைத்து 15,000 என்று படித்தவரைப் பார்த்திருக்கிறேன். 500/- என்பதில் உள்ள கோடும் கழித்தலும் என்ன என்று கேட்காத குழு இல்லை. பில்லில் எஸ்ஜிஎஸ்டி என்று இருந்தால் அந்த எஸ் சேவைக்கானது, டிப்ஸ் சேர்ந்துவிட்டது என்று எண்ணி எழுந்து போய்விடுவார்கள். அது மாநில அரசுக்குப் போகும் வரி, சர்வருக்கு அதில் ஒரு பைசா கிடையாது.

முன்பு ஒருமுறை வந்தவர்கள் அப்போது மிஞ்சிய நோட்டுகளை ஞாபகமாக எடுத்து வருவார்கள். 2016 நவம்பரில் செல்லாமல் போன பழைய 500, 1,000 நோட்டு என்றால் ஆல்பத்தில் ஒட்டிக்கொள்ளலாம். 2,000 ரூபாய் நோட்டை 2023 மே மாதம் ரிசர்வ் வங்கி திரும்பப் பெறுவதாக அறிவித்துவிட்டது. கடையில் யாரும் வாங்குவதில்லை.

இனி டிப்ஸ். இதில்தான் நான் ரொம்ப நாள் வெட்கப்பட்டேன்.

பழைய தாளில் "டிரைவருக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய்" என்று போட்டிருந்தேன். ஆளுக்கு 100 என்பது என் மனசில் இருந்தது, தாளில் இல்லை. 11 பேர் கொண்ட குழு. ஒன்பது நாள். கடைசி நாள் மதுரை விமான நிலையத்தில், குழுவின் மூத்தவர் எல்லோர் முன்னாலும் எங்கள் டிரைவர் அண்ணனுக்குக் கைகொடுத்து, நன்றி சொல்லி, அழகான கவர் ஒன்றைக் கொடுத்தார். உள்ளே 900 ரூபாய். அண்ணன் அதைப் பையில் வைத்துக்கொண்டு, எல்லோருடைய பெட்டியையும் இறக்கிவைத்து, கும்பிட்டு வழியனுப்பிவிட்டு வந்தார். என்னிடம் மூச்சு விடவில்லை. ஒரு மாதம் கழித்து வேறு பேச்சில்தான் வெளியே வந்தது.

"ஏண்ணே அப்பவே சொல்லல?"

"என்னன்னு தம்பி சொல்றது? அவங்க சந்தோஷமாக் குடுத்தாங்க. நீ எழுதுனதத்தானே படிச்சாங்க."

அவர்கள் கஞ்சர்கள் இல்லை. தாளில் எழுதியதை எழுத்து பிசகாமல் கொடுத்திருக்கிறார்கள். ஆளுக்கா, வண்டிக்கா, நாளுக்கா, பயணம் முழுவதற்குமா என்று எழுதாமல் விட்ட என் சோம்பலின் விலை 9,000 ரூபாய், அதைக் கொடுத்தது அண்ணன். இப்போது அந்த இடத்தில் கணக்கே கிடையாது. "உங்கள் வண்டி ஓட்டுநருக்கு, குழு முழுவதும் சேர்ந்து, பயணம் முழுவதற்கும்" என்று எழுதி ஒரு கோடு. வண்டியையும் ஆட்களையும் நாட்களையும் பார்த்து நானே பேனாவால் ஒரு தொகை எழுதுகிறேன். பக்கத்தில், "வண்டியும் ஓட்டும் விதமும் பிடித்திருந்தால்" என்று ஒரு வரி. கட்டாயம் இல்லை என்பது புரிய வேண்டும்; எவ்வளவு என்பதும் புரிய வேண்டும். "உங்கள் விருப்பம்" என்று மட்டும் எழுதினால் பண்பாடு மாதிரி இருக்கும், ஆனால் படிக்கிறவரைத் தவிக்க விடும். பத்து ரூபாய் கொடுத்தால் அவமானமா, ஆயிரம் கொடுத்தால் ஏமாளியா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

மற்றவர்களுக்கு நான் எழுதுவது இதுதான். பெட்டி தூக்குபவருக்குப் பெட்டிக்கு 50. அறை சுத்தம் செய்பவருக்கு ராத்திரிக்கு 100, தினமும் தலையணை மேல். கடைசி நாள் மொத்தமாக வைத்தால் அன்றைக்கு வேலைக்கு வந்தவர் யாரோ அவருக்குத்தான் போகும். சாப்பாட்டுக் கடையில் நன்றாக இருந்தால் பில்லில் பத்தில் ஒரு பங்கு, சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தால் வேண்டாம். கோயில் வாசலில் செருப்புக்குப் பத்து ரூபாய். தீபாராதனைத் தட்டில் போடுவது காணிக்கை. போடலாம், போடாமலும் கும்பிடலாம். எதைக் கொடுத்தாலும் வலது கையால். இவை என் கணக்கு, எங்கள் வழித்தடத்துக்கு. மூணாறிலும் ஜெய்ப்பூரிலும் வேறாக இருக்கலாம்.

இத்தனையும் எழுதிக் கொடுத்தும் ஒரு விஷயம் இடித்தது. ஏடிஎம் கொடுப்பது 500 ரூபாய் நோட்டு. பெட்டி தூக்குபவருக்கு 50 கொடுக்க அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? "சில்லறை இல்லை" என்று சொல்லிச் சொல்லியே பலர் ஒன்றும் கொடுக்காமல் போனார்கள், மனமில்லாமல் இல்லை. அதனால் இப்போது முதல் நாள் காலையில் ஆளுக்கு ஒரு பழுப்புக் கவர் கொடுக்கிறோம். உள்ளே 50 ரூபாய் நோட்டு 20, 100 ரூபாய் நோட்டு 10. மொத்தம் 2,000, நாலு 500 ரூபாய் நோட்டை வாங்கிக்கொள்கிறோம். இதற்காக நான் வங்கிக் கவுன்ட்டரில் நின்று கட்டு வாங்கி வர வேண்டியிருக்கிறது. எட்டு வருஷத்தில் அந்தத் தாளில் நான் எழுதிய எல்லா வரிகளையும் விட இந்தக் கவர்தான் அதிக வேலை செய்கிறது.

தாளின் கடைசி வரி நாணயத்தைப் பற்றியது. உங்கள் ஊர் நாணயத்தை டிப்ஸாகக் கொடுக்காதீர்கள் என்று இருக்கும். அவர்களுக்கு 2 யூரோ நாணயம் என்றால் 200 ரூபாய், தாராளமாகக் கொடுத்ததாக நினைப்பார்கள். இங்கே பணம் மாற்றும் கடையில் நோட்டைத்தான் வாங்குவார்கள், நாணயத்தை எடுக்கமாட்டார்கள். வாங்கியவருக்கு அது பளபளப்பான தகடு, அவ்வளவுதான். டாலர் நோட்டு என்றாலும் கிழிசல், பேனாக் கிறுக்கல் இருந்தால் திருப்பித் தந்துவிடுவார்கள்.

இந்த வரியைச் சேர்ப்பதற்கு முன்னால் வந்ததெல்லாம் டிரைவர் அண்ணனிடம் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் இருக்கிறது. சில குழுக்களிடம் கூச்சப்பட்டுக்கொண்டே நீட்டி நோட்டாக மாற்றியிருக்கிறார். போன வாரம் காரைக்குடியில் பயணிகள் வீடுகளைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், வண்டி பானெட்டில் துண்டை விரித்து இரண்டு பேரும் எண்ணினோம். செண்ட்டைத் தனியாக, யூரோவைத் தனியாக அடுக்கியதில் 37 யூரோ 40 செண்ட் வந்தது. சுவிஸ் காசு மூன்று இருந்தது, அதைச் சேர்க்கவில்லை.

படிக்கிறவர்களில் யாராவது இந்த வருஷம் ஐரோப்பா போவதாக இருந்தால் ஒரு வார்த்தை எழுதுங்கள். டின்னை நானே கொண்டுவந்து தருகிறேன். அன்றைய விகிதத்தில், ரூபாயிலேயே கொடுத்தால் போதும்.